சராசரி யாருக்குச் சொந்தம்?

ஒரு சூதாட்டத்தின் குணத்தை எதிர்பார்ப்பு மதிப்பு, பரவற்படி என்ற இரண்டே எண்களால் நிர்ணயித்துவிடலாம் என்பது கணித ஆசிரியர்களிடையே நெடுநாள் வழக்கம். அவ்வழக்கம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஐரோப்பிய ரூலெட்டை வைத்தே பரிசீலிக்கலாம்.

அந்தச் சுழல்தட்டில் 37 அறைகள் உண்டு: சிவப்பு 18, கறுப்பு 18, பச்சையாக ஒரு பூஜ்யம். சிவப்பில் ஒரு காசு வைத்தவன் வென்றால் ஒரு காசும், தனி எண்ணில் வைத்தவன் வென்றால் 35 காசும் லாபமடைவான். தோற்றால் இருவருக்கும் வைத்த காசு போகும். (பூஜ்யம் விழுந்தால் சிவப்புக்காரனுக்குப் பாதியைத் திருப்பும் மேசைகளும் உண்டு, அவற்றை விட்டுவிடுவோம்.) கைக்கு வரும் நிகரத் தொகையே இங்கே சமவாய்ப்பு மாறி. அதன் ஒவ்வொரு மதிப்பையும் அதற்குரிய நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால், சிவப்புக்கு 18/37 − 19/37, தனி எண்ணுக்கு 35/37 − 36/37. இரண்டும் −1/37 தான். 35 காசு என்ற கவர்ச்சியில் மயங்கியவனுக்கு, இரு பந்தயங்களும் நூற்றுக்கு 2.7 வீதம் நஷ்டமே என்று காட்டிவிடுவது இம்முறையின் மறுக்கவியலாத சிறப்பு.

ஆனால் இவ்விரு பந்தயங்களும் ஒன்றல்ல என்பதைச் சராசரி சொல்வதில்லை. சராசரியிலிருந்து விலகும் அளவுகளின் வர்க்கங்களுக்குச் சராசரி கண்டால் கிடைக்கும் பரவற்படி, சிவப்புக்கு ஏறத்தாழ 1, தனி எண்ணுக்கு 34. அதன் வர்க்கமூலமாகிய திட்ட விலக்கம் முறையே 1, 5.8. ஆட்டங்கள் பெருகப் பெருக நஷ்டத்தின் சராசரி அவற்றின் எண்ணிக்கைக்கு நேராகவும், திட்ட விலக்கம் அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பவுமே வளர்வதால், தனி எண்ணில் பத்து லட்சம் பந்தயங்களை ஏற்கும் சூதாட்டசாலைக்கு எதிர்பார்க்கும் லாபம் 27,000 காசு, தடுமாற்றமோ 5,800 காசுதான். சராசரி உண்மையில் அந்தச் சாலைக்காரனின் சொத்து.

ஒரு மாலை மட்டும் ஆடுபவன் நிலை வேறு. தனி எண்ணில் 35 முறை வைப்பவன் ஒரே ஒரு தடவை வென்றாலும் ஒரு காசு லாபத்தோடு எழுவான். ஒரு தடவையேனும் வெல்லும் நிகழ்தகவு 62 சதவீதம். சிவப்பிலேயே 35 முறை வைப்பவன் லாபத்தோடு எழும் வாய்ப்போ 44 சதவீதம் அளவுதான். நஷ்ட ஆட்டத்தில் பெரும்பாலோர் லாபத்தோடு எழலாம் என்ற இந்த விசித்திரத்தைச் சராசரியும் சொல்லவில்லை, பரவற்படியும் சொல்லவில்லை; பரவலின் வடிவத்தையே நோக்கினாலன்றி அது புலப்படாது.

பரவற்படியின் பெருங்குறை, என் கருத்தில், வர்க்கமாக்கும்போது கூட்டல் கழித்தல் குறிகள் அழிந்துபோவதே. எப்போதோ 35 காசு பெறும் ஆட்டக்காரனுக்கும், எப்போதோ 35 காசு கொடுக்க நேரும் சாலைக்காரனுக்கும் அது ஒரே எண்ணைத்தான் தருகிறது. ஒருவனுக்கு ஆனந்தமான அதே விலகல் மற்றவனுக்குக் கையிருப்பைக் கரைக்கும் ஆபத்து என்பதைச் சூத்திரம் மறந்தாலும் தொழில் நடத்துவோர் மறப்பதில்லை. தனி எண்ணில் வைக்கக்கூடிய உச்சத் தொகையைச் சிவப்புக்குரியதைவிட மிகக் குறைவாகவே அவர்கள் சாதாரணமாக வரையறுக்கிறார்கள்.