பெயரை மாற்றினால் போதுமா?

சிவகாசித் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வறிக்கைகளில் 'பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன' என்ற அடிக்குறிப்பைப் பார்த்துப் பழகிவிட்டோம். பெயரை மாற்றிவிட்டு, பேசியவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டால் நேர்மையும் காப்பாற்றப்பட்டது, ஆளும் காப்பாற்றப்பட்டார் என்று ஆய்வுலகில் பலர் நம்புகிறார்கள். வெடித்தொழில் நடக்கும் ஊர்களில் அந்த நம்பிக்கை ஆபத்தானது.

1983இல் ஸ்மிது கோத்தாரி எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் எழுதிய கட்டுரை, 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்', 1991இல் வந்த மைரன் வீனரின் நூல் எல்லாம் வாசகர்கள் அறிந்தவையே. குழந்தைகள் வேலை செய்கிறார்கள் என்பதையே நிரூபிக்க வேண்டியிருந்த காலம் அது. முகமும் குரலும் அப்போது ஆதாரங்கள். 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததோடு அந்தக் கட்டம் ஏறத்தாழ முடிந்தது.

அதற்குப் பிந்தைய காலம் வேறு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். புகையைப் பார்த்து உதவ ஓடிவந்தவர்களும் அவர்களில் உண்டு. 2018 அக்டோபரில் பேரியம் உப்புக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. உரிமம் இல்லாமல் வீட்டில் வெடி செய்வது 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி ஏற்கெனவே குற்றம். ஆகவே, இன்று ஒரு தொழிலாளி தன் அன்றாட வேலையை விவரிப்பதே வாக்குமூலம் ஆகிவிடக்கூடும். அவர் அஞ்ச வேண்டியது முதலாளிக்கு மட்டும் அல்ல.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இதை விளக்கத்துக்காக நானே கட்டினேன். யாருடைய பேட்டியும் அல்ல. "எங்க வீட்டுக்காரரு முதலிப்பட்டில போனப்ப மூத்தவ ஒம்பதாவது. அவரு சக்கரத்துக்கு மருந்து செலுத்துவாரு. போர்மேன்கிட்ட வாங்குன அட்வான்ஸ் இன்னும் கழியல. இப்ப நான் வீட்ல வச்சே கொஞ்சம் சுத்துறேன்." இதில் பெயரே இல்லை. ஆனால் முதலிப்பட்டி என்றதும் தேட வேண்டிய வீடுகள் நாற்பதுக்குள் வந்துவிடுகின்றன; இறந்தவர்களின் பெயர்கள் செய்தித்தாள்களிலும் நிவாரணக் கோப்புகளிலும் இருக்கின்றன. கணவரின் வேலையும் மகளின் வகுப்பும் சேர்ந்தால் ஓரிரு வீடுகளே மிஞ்சும். கடைசி வாக்கியம் அந்த வீட்டின் மேல் வழக்கை ஏற்றிவிடும்.

சென்னையிலோ டெல்லியிலோ அமர்ந்து ஆங்கிலப் பிரதியைத் திருத்துபவருக்கு இது கண்ணில் படாது. வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர்களையும் எந்த ஆலையில் எந்த ரகம் ஓடுகிறது என்பதையும் அறிந்து, ஒலிப்பதிவை முழுக்கக் கேட்டவருக்கே படும். பெரும்பாலும் அந்த ஒருவர் மொழிபெயர்ப்பாளர்தான். நன்றியுரையின் கடைசி வரியில் ஒதுக்கப்படுபவரும் அவர்தான்.

அவர் செய்ய வேண்டியது இது. 'முதலிப்பட்டி' என்பதை 'ஒரு வெடிவிபத்து' என்றும், 'ஒன்பதாம் வகுப்பு' என்பதைப் 'பள்ளிப் பருவம்' என்றும், சக்கர வேலையை 'மருந்து வேலை' என்றும் பொதுவாக்கலாம். ஆனால் 2012ஐ 2014 ஆக்கவோ, மகளை மகன் ஆக்கவோ கூடாது. அது ஆய்வையே பொய்யாக்கிவிடும். வீட்டில் சுத்தும் செய்தியை இந்தப் பெண்ணின் கதையிலிருந்து பிரித்து, இதே செய்தியைச் சொன்ன பலருடைய பேச்சோடு சேர்த்து வேறு பகுதியில், ஆளைச் சுட்டாமல் எழுத வேண்டும். இப்படிச் செய்தால் ஓர் இழப்பு உண்டு: விபத்துக்கும் வீட்டு வேலைக்கும் இடையே ஒரே வாழ்வில் ஓடும் காரணத் தொடர்பு அறுந்துபோகும். அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு, விவரங்கள் பொதுவாக்கப்பட்டதை அறிக்கையிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு, அதே வட்டாரத்தை அறிந்த, ரகசியம் காக்க எழுதிக்கொடுத்த குழு உறுப்பினர் ஒருவரிடம் ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து, இது யார் என்று ஊகிக்கச் சொல்ல வேண்டும். ஊகித்துவிட்டால் பத்தி இன்னும் தயாராகவில்லை.

சம்மதமும் இங்கேதான் சிக்குகிறது. பல பதிவுகள் பெயர், ஊர் சொல்லித் தொடங்குகின்றன. குரலும் பெயரும் ஒரே கோப்பில் கிடக்கின்றன. சம்மதத்தைத் தனிக் கோப்பில் பதிந்து, பேட்டிக்கு ஓர் எண் மட்டும் இட்டு, எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியலை மொழிபெயர்ப்பாளருக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். ஒலிக்கோப்பு வாட்ஸப்பில் போகக் கூடாது. பேட்டியின்போது போர்மேனோ ஏஜென்டோ பக்கத்தில் இருந்தால் 'சரி, கேளுங்க' என்பதைச் சம்மதம் என்று எண்ண முடியாது. பதிவு செய்ய ஒப்புக்கொண்டவர் மேற்கோள் காட்ட ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது. அச்சுக்கு முன் பயன்படுத்தப்போகும் பத்தியைத் தமிழில் அவருக்குப் படித்துக்காட்டி, 'வேண்டாம்' என்று சொல்ல ஒரு கடைசித் தேதியும் தர வேண்டும்.

இதற்கெல்லாம் நேரமும் கூலியும் ஆகும். ஆய்வுக்குப் பணம் தரும் நிறுவனங்களிடம் நான் கேட்பது: மொழிபெயர்ப்பாளரின் இந்த இரண்டாம் வாசிப்புக்குத் தனி ஊதியம் ஒதுக்குங்கள்; ஒரு மேற்கோளை நிறுத்தும் அதிகாரத்தை ஒப்பந்தத்திலேயே அவருக்கு எழுதிக்கொடுங்கள்.