எழுபத்தைந்து டொபியும் மூன்று பிள்ளைகளும்

“மிட்டாய் குடுத்தா கணக்கு வந்துடுமாக்கா? ஸ்டெப்ஸை மனப்பாடமாப் போட்டா போதும், மார்க் தானா வரும்” என்றார் திருச்சியில் இருக்கும் என் சித்தி மகளின் கணவர். யாழ்ப்பாணத்தில் தரம் நான்குப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறவளிடம் இதைச் சொல்லிவிட்டு அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார். எனக்குத்தான் அது தொண்டைக்குள் நின்றது.

மறுநாள் திருச்சியிலேயே ஒரு பள்ளியில் நாலாம் வகுப்பின் பின்வாங்கில் இருந்து ஒரு முற்பகல் பார்த்தேன். அந்த டீச்சர் ஸ்டெப்ஸில் தொடங்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு புளியங்கொட்டையை மேசையில் கொட்டி, மூன்று மூன்றாக எடுக்கச் சொன்னார். எடுக்க எடுக்கப் பலகையில் 12இலிருந்து மூன்றைக் கழித்துக்கொண்டே வந்தார். நான்கு தடவை கழித்ததும் தீர்ந்தது, விடை 4. இது கூட்டம் பிரித்தல். கொஞ்ச நேரத்தில் கொட்டை பைக்குள் போனது, நீள் வகுத்தல் பலகைக்கு வந்தது. வகு, பெருக்கு, கழி, கீழே இறக்கு என்று வகுப்பே ராகம் போட்டது. வாய்ப்பாட்டில் அந்தப் பிள்ளைகளின் வேகத்தை மறுக்க முடியாது.

நாங்கள் பகிர்ந்து கொடுப்பதில் தொடங்குவோம். 75 டொபி, பத்துப் பத்தாகக் கட்டிய பொட்டலம் ஏழு, உதிரி ஐந்து. மூன்று பிள்ளைகள் முன்னே வருவார்கள். கூட்டலும் கழித்தலும் ஒன்றினிடத்தில் தொடங்கிப் பழகியவர்கள் ஆகையால், முதலில் உதிரியைத்தான் பங்கு போடுவார்கள். நான் தடுப்பதில்லை. ஆளுக்கு ஒன்று போக இரண்டு மிஞ்சும். பிறகு பொட்டலம் ஆளுக்கு இரண்டு போக ஒன்று மிஞ்சும். அதை உடைத்துப் பத்தையும் மிஞ்சிய இரண்டோடு சேர்த்தால் 12, ஆளுக்கு நான்கு. ஆளுக்கு 25 சரியாக வந்துவிடும், ஆனால் உதிரியை இரண்டு தரம் பங்கு போட வேண்டி வந்தது. “முதல்லயே பொட்டலத்தைக் குடுத்திருந்தா ஒருக்காப் போதும் ரீச்சர்” என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். வகுத்தல் மட்டும் ஏன் இடப்பக்கத்தில் தொடங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

எழுத்து முறை அதன் பிறகுதான். 75க்கு இடப்பக்கம் 3. ஏழு பொட்டலத்தில் ஆளுக்கு இரண்டு. மேலே பத்தினிடத்தில் 2. மிஞ்சிய ஒன்றை ஐந்துக்கு முன்னால் சின்னதாக எழுதினால் 15. அந்தச் சின்ன 1 உடைத்த பொட்டலம் என்று பிள்ளைக்குத் தெரியும். பதினைந்தில் ஆளுக்கு ஐந்து, மேலே 5. குறுகிய வகுத்தல் முடிந்தது. திருச்சியில் “கீழே இறக்கு” என்று பாடிய பிள்ளையிடம் இதே கணக்கைப் போடச் சொல்லி, இறங்கியது எது என்று கேட்டேன். “அஞ்சு” என்றது. கூடவே நிற்கிற ஒன்று பத்தாகிவிட்டது அதற்குத் தெரிந்ததாகப் படவில்லை. எங்கள் பிள்ளைகள் எல்லோரும் சொல்லிவிடுவார்கள் என்றும் நான் சத்தியம் பண்ணவில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை கிட்ட வந்தால் எங்கள் பொட்டலமும் அலுமாரிக்குள் போகிறதுதான்.

கூட்டம் பிரித்தலில் அவர்கள் ஒருபடி முன்னே. “ஒரு பையில் 6 டொபி, 75 டொபிக்கு எத்தனை பை?” என்று போட்டதும் “பன்னிரண்டு பை, மீதி மூணு” என்றார்கள். என் வகுப்பில் இதே கணக்குக்கு, “ஆருக்கு ரீச்சர் பகிர்றது?” என்றுதான் கேள்வி வரும். இதைக் குறை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பாடத்தை நாங்கள் அடுத்த கிழமைதான் எடுப்போம். ஆனாலும், மீதி மூன்றுக்கு இன்னொரு பை வேண்டுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எங்கள் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள், மிஞ்சிய டொபி யாருக்கு என்பது அவர்களுக்குப் பெரிய வழக்கு.

இரண்டு ஊரிலும் ஒரே இடத்தில் பிள்ளைகள் விழுகிறார்கள். 62ஐ மூன்றால் வகுக்கும்போது ஆறில் இரண்டு எழுதுவார்கள். அடுத்த இரண்டில் மூன்று இல்லை என்று நிறுத்திவிடுவார்கள். கொப்பியில் “2, மீதி 2” என்று இருக்கும். ஒன்றினிடத்தில் போட வேண்டிய பூச்சியத்தைக் காணோம். மூவிரண்டு ஆறு, மீதியோடு எட்டு. மற்ற டொபி எங்கே என்று கேட்டால் பிள்ளை விழிக்கும்.

உங்கள் வீட்டில் ஒன்பது வயதுப் பிள்ளை இருந்தால் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். “20, மீதி 2” என்று வந்தால் எந்த முறையில் படித்திருந்தாலும் கவலையில்லை. “2, மீதி 2” என்று வந்தால் ஸ்டெப்ஸைத் திரும்பச் சொல்லிக் கொடுக்காதீர்கள். ஆறு பொட்டலமும் இரண்டு உதிரியும் வாங்கி வந்து மேசையில் வையுங்கள்.