ஏழு ஏன் ஜெயிக்குது? ஒரு பாடப்புத்தக விளக்கத்தின் மேல் சில குறைகள்

என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு கணக்குப் புத்தகத்தில் நிகழ்தகவு பாடத்தில் இரண்டு பகடை வருகிறது. ஒன்று நீலம், ஒன்று சாம்பல். 36 ஜோடிகளையும் கட்டம் போட்டு எழுதிவிட்டு, (1, 4) வேறு, (4, 1) வேறு என்று ஒரு வரி சொல்கிறார்கள். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'ஏன்?' என்று ஒரு கேள்வி. அதோடு சரி, பாடம் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது.

என் குறை இதுதான்: இரண்டு பகடையின் கூட்டுத்தொகை ஏன் அதிகமாக ஏழு வருகிறது என்ற கதை முழுக்க அந்த அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது. அதற்குப் பதில் தெரியாமல் கட்டத்தை மனப்பாடம் பண்ணினால் மதிப்பெண் வரும், ஆனால் ஏழுக்கான காரணம் கையில் இருக்காது.

வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கத்தையே எடுத்துப் பாருங்கள். "ஏழுக்குத்தாங்க நிறைய ஜோடி இருக்கு. 6-1, 5-2, 4-3. மொத்தம் மூணு." சரி. எட்டுக்கு? 6-2, 5-3, 4-4. அதுவும் மூணு. ஆறுக்கு? 5-1, 4-2, 3-3. அங்கேயும் மூணு. இந்தக் கணக்குப்படி ஆறு, ஏழு, எட்டு மூன்றும் சமம். ஏழு தனியாக ஜெயிக்கவே இல்லை!

இப்படி எண்ணியது சாதாரண ஆள் மட்டுமில்லை. நுண்கணிதம் தந்த லைப்னிட்ஸ் 1714-இல் ஒரு கடிதத்தில் இதையே செய்கிறார். பதினொன்று ஒரே வழியில்தான் வரும், பன்னிரண்டும் ஒரே வழியில்தான் வரும், அதனால் இரண்டும் சமம் என்கிறார். உண்மையில் பதினொன்று இரண்டு மடங்கு அடிக்கடி வரும்.

இதை நிரலாக எழுதினால் இரண்டு எண்ணிக்கைக்கும் இடையே எவ்வளவு சின்ன வித்தியாசம் என்று தெரியும்.

```python
s = [0]*13
for a in range(1, 7):
    for b in range(1, 7):
        s[a+b] += 1
print(s[2:])
# [1, 2, 3, 4, 5, 6, 5, 4, 3, 2, 1]
```

இரண்டாவது `range(1, 7)`-ஐ `range(a, 7)` என்று மாற்றுங்கள். இப்போது வருவது `[1, 1, 2, 2, 3, 3, 3, 2, 2, 1, 1]`. இது லைப்னிட்ஸின் கணக்கு. முதலாவதில் மொத்தம் 36, இரண்டாவதில் 21. கம்ப்யூட்டர் இரண்டையும் மறுபேச்சு இல்லாமல் அச்சடித்துக் கொடுக்கும். எது சரி என்று அதற்குத் தெரியாது. "சிமுலேஷன் ஓட்டிப் பார்த்தேன், ஏழுதான் வந்தது" என்று சொல்வதிலும் இதே சிக்கல் உண்டு. இரண்டு தடவை தனித்தனியாக `randint` கூப்பிட்டபோதே 36-ஐ நாம் உள்ளே வைத்துவிட்டோம். அதையேதான் திரும்ப எடுக்கிறோம்.

சரி, அந்த 'ஏன்?'-க்கு என்ன பதில்?

ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி பேக்கிங் மேஜையில் நிற்கும் யாருக்கும் இந்த விஷயம் புரியும். பெட்டியில் இடது கால் 7, வலது கால் 8 போனால் அது ஒரு தவறு. இடது 8, வலது 7 போனால் அது வேறு தவறு. வாங்குபவருக்கு எந்தக் கால் கடிக்கும் என்பதே மாறும். ஆனால் இரண்டும் 7 என்றால்? அது ஒரே விதமாகத்தான் நடக்க முடியும். இடதும் வலதும் இடம் மாறினாலும் அதே பெட்டிதான். ஷூவுக்கு இடது வலது கண்ணுக்குத் தெரிகிறது. பகடைக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். புத்தகம் நீலம், சாம்பல் என்று நிறம் கொடுத்தது இதற்காகத்தான்.

ஆனால் நிறம் கொடுத்ததோடு நிறுத்தினால் ஒரு மாணவர் நியாயமாகவே கேட்கலாம்: "ரெண்டும் வெள்ளையா இருந்தா என்ன சார்?" பதில்: ஒன்றும் மாறாது. நாம் பெயிண்ட் அடித்தோமா இல்லையா என்பது பகடைக்குத் தெரியாது. ஒன்றை முதலில் உருட்டி, அது நின்ற பிறகு இரண்டாவதை உருட்டுங்கள். பன்னிரண்டு வேண்டும் என்றால் முதல் பகடை 6 விழுந்தே ஆக வேண்டும். பதினொன்று வேண்டும் என்றால் முதல் பகடை 5 விழுந்தாலும் வாய்ப்பு உயிரோடு இருக்கிறது, 6 விழுந்தாலும் இருக்கிறது. உள்ளே நுழைய இரண்டு வாசல். இரண்டு வெள்ளைப் பகடையைச் சேர்த்து உருட்டினாலும் இந்த வாசல் கணக்கு அப்படியே நிற்கும்.

இது பகடைக்குச் சரி. எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட முடியாது என்பதுதான் இந்த 'ஏன்?'-ஐ சுவாரசியமாக்குகிறது. 1924-இல் டாக்காவில் இருந்த சத்யேந்திரநாத் போஸ் ஒளித்துகள்களை எண்ணிய விதம் கிட்டத்தட்ட லைப்னிட்ஸ் வழிதான். இரண்டு ஒளித்துகள்களை இடம் மாற்றி வைத்தால் அதைப் புது நிலையாக எண்ணக் கூடாது. அப்படி எண்ணினால்தான் பிளாங்கின் வெப்பக் கதிர்வீச்சு விதி ஒழுங்காக வந்தது. ஆகவே (1, 4) வேறு, (4, 1) வேறு என்பதை வெறும் தர்க்கத்தால் முடிவு பண்ண முடியாது. பகடை எப்படிப்பட்ட பொருள் என்பதைப் பொறுத்த விஷயம் அது. உருட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இங்கேதான் பள்ளிச் செயல்பாட்டின் மீது என் அடுத்த குறை. "இரண்டு பகடையை நூறு முறை உருட்டு, எந்தத் தொகை அதிகம் என்று பார்" என்பார்கள். நூறு உருட்டலில் சராசரியாக ஏழு 16 அல்லது 17 தடவை வரும், ஆறும் எட்டும் தலா 14 தடவை. தற்செயலான ஏற்ற இறக்கமே மூன்று நான்கு இருக்கும். அதனால் பல பிள்ளைகளுக்கு ஆறோ எட்டோதான் முதலில் வரும். அந்தப் பிள்ளை தன் கையில் கிடைத்ததை அழித்துவிட்டு ஏழு என்று எழுதும். அதற்குப் பதிலாக இரட்டைகளை எண்ணச் சொல்லலாம்: 1-1, 2-2 மாதிரி. 36 சரி என்றால் நூறில் சுமார் 17 இரட்டை வரும். 21 சரி என்றால் சுமார் 29 வரும். இந்த இடைவெளி நூறு உருட்டலிலேயே பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது ஏழுக்கு வருவோம். எண்ணிக்கைகளைக் கூட்டுவதைக் கையால் செய்து பார்த்தால் காரணம் தானாக விழும். முதல் பகடை 1 என்றால் தொகை 2 முதல் 7 வரை எதுவும் வரலாம், ஒவ்வொன்றின் கீழும் ஒரு கோடு போடுங்கள். முதல் பகடை 2 என்றால் 3 முதல் 8 வரை. இப்படி ஒவ்வொரு படியும் ஒரு இடம் வலப்பக்கம் நகரும். கடைசியாக முதல் பகடை 6 என்றால் 7 முதல் 12 வரை. ஆறு வரிசையிலும் இடம் பிடிக்கும் ஒரே தொகை ஏழு. முதல் வரிசையின் கடைசி அதுதான், கடைசி வரிசையின் முதலும் அதுதான். முதல் பகடை எது விழுந்தாலும் ஏழை முடித்துக் கொடுக்க இரண்டாவது பகடையில் சரியாக ஒரே ஒரு முகம் உண்டு. எட்டுக்கு அப்படி இல்லை, முதல் பகடை 1 விழுந்தால் எட்டு அங்கேயே செத்துப் போச்சு.

(பகடையின் எதிரெதிர் முகங்களின் தொகை ஏழு என்பதால்தான் ஏழு வருகிறது என்று சொல்பவர்கள் உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முகங்களில் எண்களைத் தாறுமாறாக மாற்றி எழுதுங்கள், இதே முடிவுதான் வரும்.)

இதிலிருந்து புத்தகம் சொல்லாத ஒன்று கிடைக்கிறது. ஒரு பகடை மட்டும் நேர்மையாக இருந்தால் போதும், மற்றது எவ்வளவு கோணலாக இருந்தாலும் ஏழின் வாய்ப்பு சரியாக ஆறில் ஒன்று. கோணல் பகடை எதைக் காட்டினாலும், நேர்மையான பகடை அதற்கான ஒரு முகத்தைக் காட்ட வேண்டும், அதன் வாய்ப்பு எப்போதும் ஆறில் ஒன்று. வேறு எந்தத் தொகைக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

19-ஆம் நூற்றாண்டில் ஜூரிக் வானியலாளர் ருடால்ஃப் வோல்ஃப் ஒரு வெள்ளைப் பகடையையும் ஒரு சிவப்புப் பகடையையும் 20,000 முறை உருட்டிக் குறித்து வைத்தார். இரண்டுமே கோணல். வெள்ளையில் 6 மட்டும் 3932 தடவை, 4 வெறும் 2841 தடவை. நியாயமாக ஒவ்வொன்றும் 3333 சுற்றி இருக்க வேண்டும். அவருடைய இரண்டு பகடைகளின் எண்ணிக்கைகளையும் பெருக்கிக் கூட்டினேன். அப்படிப்பட்ட கோணல் பகடைகளில் 20,000-க்கு பன்னிரண்டு சுமார் 673 தடவை எதிர்பார்க்கலாம், நேர்மையான பகடையில் 556தான். ஏழு? 3353. நேர்மையான பகடையில் 3333. இருபதுதான் நகர்ந்திருக்கிறது. பகடை நேர்மையானதா என்று ஏழை எண்ணிச் சோதிப்பவர் ஏமாறுவார். ஓரத்தில் இருக்கும் இரண்டையும் பன்னிரண்டையும்தான் எண்ண வேண்டும்.

கடைசியாக, இதை நம் வீட்டு விளையாட்டிலேயே சொல்லியிருக்கலாம். தாயக்கட்டை. பித்தளையில் நீளமான இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: 1, 2, 3, வெறுமை. வெறுமையைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு அதே நகர்த்தல் கூட்டலைச் செய்யுங்கள். 0 முதல் 6 வரை எண்ணிக்கைகள் 1, 2, 3, 4, 3, 2, 1. மொத்தம் 16. இங்கே 'ஏழு' என்பது மூன்று. முதல் கட்டை எது விழுந்தாலும் மூன்றை முடிக்க ஒரு முகம் உண்டு. இரண்டும் வெறுமையாக விழும் பூஜ்யத்தைத்தான் பன்னிரண்டு என்கிறோம்.

விதி வீட்டுக்கு வீடு மாறும் என்றாலும், பொதுவாக 1, 5, 6, 12 விழுந்தால் மறு ஆட்டம் உண்டு. எண்ணிப் பார்த்தால் இவை நான்கும் ஓரத்துத் தொகைகள், சேர்த்து 16-இல் 6. அடிக்கடி விழும் மூன்றுக்கு எந்தச் சலுகையும் இல்லை. தாயம், அதாவது ஒன்று, 16-இல் 2, எட்டில் ஒன்று. காய் இறக்கத் தாயம் வேண்டும் என்று உட்கார்ந்திருப்பவர் சராசரியாக எட்டு முறை உருட்ட வேண்டும், எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் போவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 34.