குரலுக்காகக் காத்திருக்கும் படம்

புளூடூத் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கணினியில் படம் பார்க்கிறோம். உதடு அசைந்த பிறகு குரல் வருகிறது. உடனே பழி கோடெக் மேல் விழும். ‘எஸ்பிசி பழசு, நல்ல கோடெக் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்’ என்பார்கள். கணக்குப் போட்டால் இந்த யோசனை நிற்காது. எஸ்பிசி ஒரு தடவைக்கு அதிகபட்சம் 128 ஒலி மாதிரிகளை எடுத்துச் சுருக்குகிறது. நொடிக்கு 44,100 மாதிரி என்ற வேகத்தில் அது 3 மில்லி நொடிகூட ஆகாது. தரமானது என்று பெயர் வாங்கிய ஏஏசி 1,024 மாதிரிகளைச் சேர்த்து எடுப்பதால் 23 மில்லி நொடி பிடிக்கிறது. ஆனால் காதுக்கு வந்து சேரும் மொத்தத் தாமதமோ பல ஹெட்போன்களில் 150 முதல் 250 மில்லி நொடி வரை போகிறது.

மிச்சத்தில் பெரும்பகுதி இருப்பு. புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் வைஃபையும் ஓடுகிறது. நெரிசலில் ஒரு பொட்டலம் தொலைந்தால் மறுபடி அனுப்ப வேண்டும். அதுவரை பாட்டு அறுந்துவிடாமல் இருக்க, ஹெட்போன் கொஞ்சம் ஒலியை எப்போதும் கையிருப்பில் வைத்துக்கொள்கிறது. ஆப்ட்எக்ஸ் லோ லேட்டன்ஸி 40 மில்லி நொடியை ஒட்டி வர முடிந்ததற்கு இந்த இருப்பைக் குறைத்ததும் முக்கியக் காரணம். ஆனால் கணினி, ஹெட்போன் இரண்டிலும் அது இருந்தால்தான் பலன். பெட்டியில் அச்சிட்ட பெயர் மட்டும் போதாது.

அப்படியானால் 200 மில்லி நொடி தாமதமுள்ள ஹெட்போனிலும் பல படங்கள் ஒழுங்காகத் தெரிவது எப்படி? படத்தைக் காக்க வைக்கிறார்கள். ‘என்னிடம் இவ்வளவு தாமதம்’ என்று ஹெட்போன் கணினிக்கு அறிவிக்க புளூடூத் விதிகளிலேயே இடம் இருக்கிறது. பிளேயர் அந்த அளவுக்குப் படத்தைத் தள்ளிக் காட்டுகிறது. பதிவான காட்சிக்கு இது அருமையான வழி. படம் கால் நொடி பிந்தித் தொடங்கினால் யாருக்கு நஷ்டம்?

குறை எங்கே என்றால், எல்லாம் அந்த ஒரு எண்ணை நம்பி நிற்கிறது. உண்மைத் தாமதம் 200. ஹெட்போன் சொன்னது 150 என்று வைத்துக்கொள்வோம். குரல் 50 மில்லி நொடி பிந்தும். நமக்குத் தெரியாது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, ஒலி பிந்துவது சுமார் 125 மில்லி நொடியைத் தொட்டால்தான் பார்ப்பவர் கவனிக்கிறார். இப்போது வைஃபையில் பெரிய கோப்பு ஒன்று இறங்கத் தொடங்குகிறது. ஒலி ஒரு கணம் அறுகிறது. ஹெட்போன் சுதாரித்து, கையிருப்பை 100 மில்லி நொடி கூட்டிக்கொள்கிறது. பழைய எண்ணையே நம்பும் பிளேயருக்கு இது தெரியாது. பிந்தல் 150 ஆகிறது. 25 பிரேம் படத்தில் ஏறக்குறைய நான்கு பிரேம்; உதடு மூடிய பின் கடைசி அசை கேட்கும். ‘போகப்போக விலகுகிறது’ என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான். அது மெல்ல நகர்வதில்லை, ஒரே அடியில் தாவுகிறது.

மெல்ல நகர்வதும் உண்டு. கணினியின் கடிகாரமும் ஹெட்போனின் கடிகாரமும் பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபட்டாலே ஒரு மணி நேரத்தில் 180 மில்லி நொடி சேர்ந்துவிடும். ஆனால் நல்ல ஹெட்போன் தன் ஓட்ட வேகத்தைத் துளித்துளியாகத் திருத்தி இதைச் சமாளிக்கிறது.

வி.எல்.சி. பிளேயரில் J விசை ஒலியை ஒவ்வொரு தட்டலுக்கும் 50 மில்லி நொடி முன்னே இழுக்கும், K பின்னே தள்ளும். மேலே சொன்ன நிலையில் J-ஐ மூன்று தடவை தட்டினால் சரியாகிவிடும். பிறகு காபி போட எழுந்து போகிறீர்கள். படம் நின்றிருக்கும்போது ஒலியோட்டமும் துண்டிக்கப்பட்டு, திரும்பத் தொடங்குகையில் ஹெட்போன் பழைய இருப்புக்கே போய்விடலாம். இப்போது குரல் 100 மில்லி நொடி முந்துகிறது. இது இன்னும் மோசம். முந்தும் ஒலியை 45 மில்லி நொடியிலேயே பிடித்துவிடுகிறோம். தூரத்தில் துணி துவைப்பவரின் அடி கண்ணுக்குத் தெரிந்த பிறகே காதுக்கு எட்டும். அடிக்கு முன் சத்தம் கேட்டு யாருக்கும் பழக்கமில்லை. ஆகவே விசையைத் தட்டும் முன், நிறுத்திச் சில நொடி விட்டுத் தொடங்கிப் பார்ப்பதே நல்லது. அதிலும் போகாவிட்டால் கம்பி ஹெட்போனில் கேளுங்கள். அங்கும் விலகினால் குற்றம் கோப்பில். (இந்தச் சோதனைக்கு டப்பிங் படம் உதவாது, நேர்காணல் எடுத்துக்கொள்ளுங்கள்.)

தாமதம் மாறும்போதெல்லாம் புது எண்ணை அனுப்ப ஹெட்போனுக்கு விதி இடம் தருகிறது. அதை அனுப்புவதும், இயங்குதளம் அதைக் கேட்டு நடப்பதும் தயாரிப்பாளர்கள் செய்ய வேண்டிய வேலை. எனக்கு விற்பனைப் பெட்டியில் கோடெக் பெயரைவிட அந்தத் தகவல்தான் வேண்டும். விளையாட்டுக்கோ அதுவும் உதவாது. துப்பாக்கி வெடிப்பது நீங்கள் விசையை அழுத்திய பிறகுதான் முடிவாகிறது. காக்க வைக்க அங்கே முன்கூட்டிய படமே கிடையாது. அங்கே இருப்பைக் குறைத்து, அவ்வப்போது ஒலி அறுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கம்பியை மாட்ட வேண்டும்.