குலுக்கிப் பார்க்காத பெட்டி

"அதில் பேச்சே இல்லையே அங்கிள், பிறகு எப்படிப் பொய் சொல்ல முடியும்?" என்று கேட்டாள் எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடிப் பெண். சுடுமண் நகை செய்து இன்ஸ்டாகிராமில் விற்கிறாள். பாட்டும் பேச்சும் இல்லாமல், தாளின் சரசரப்பும் டேப் கிழிபடும் ஒலியும் மட்டும் கேட்க, இரண்டு கைகள் ஒரு பெட்டியைக் கட்டி, கடைசியில் நன்றி அட்டையை மேலே வைத்து முடிக்கும் அரை நிமிட வீடியோக்களுக்கு இன்று எல்லோரும் சொல்லும் நியாயம் இதுதான். பெங்களூரில் எங்கள் ஜீவனஹள்ளியில் மட்டுமல்ல, எங்கும்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வியாபாரக் கணக்குகளுக்கு இன்ஸ்டாகிராம் சினிமாப் பாட்டுகளை அவ்வளவு எளிதில் தருவதில்லை. அந்தக் குறையை இந்த ஒலிகள் அழகாக நிரப்புகின்றன. தமிழும் கன்னடமும் உருதுவும் ஒரே மாடிப்படியில் கேட்கும் எங்கள் பகுதியில், மொழியே வேண்டாத வீடியோ எல்லா வாசலிலும் நுழையும். முகம் காட்டத் தயங்குகிறவளுக்கு இரண்டு கைகள் போதும். இவற்றில் எனக்குச் சண்டை இல்லை.

இந்த வீடியோக்களுக்கு இடும் 'இயற்கை ஒலி' என்ற பெயரில்கூடப் பெரிய சண்டை இல்லை. அவள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பெங்களூரு ஈஸ்ட் ஸ்டேஷனைக் கடக்கும் ரயில் கேட்கும். மூடினால் பக்கத்து வீட்டு குக்கர். செல்போன் மைக்குக்கு ஒரு குணம் உண்டு: பக்கத்தில் சத்தம் குறைந்ததும் தானாகவே காதைக் கூர்மையாக்கிக்கொள்ளும். தாள் மடித்து ஓயும் இடைவெளியில் தூரத்து ரயில் அறைக்குள் வந்துவிடும். ஆகவே பகல் வெளிச்சத்தில் படத்தை எடுத்துவிட்டு, இரவில் பீரோவைத் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு நடுவே போனை வைத்து ஒலியைத் தனியாகப் பதிவு செய்கிறாள். துணி எதிரொலியை விழுங்கிவிடும். வீடியோவில் தெரிவது மெல்லிய டிஷ்யூ தாள்; கேட்பது இட்லி கட்டும் பட்டர் பேப்பர். டிஷ்யூ மைக்கில் விழவில்லையாம்.

சினிமாவில் இதற்கு ஃபோலி என்று பெயர், ஹாலிவுட்டின் ஜாக் ஃபோலியின் நினைவாக. அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். 1987இல் வந்த 'பேசும் படம்' இதே பெங்களூரில் எடுக்கப்பட்டது. வசனமே இல்லை; ஆனால் சிங்கீதம் சீனிவாச ராவ் பேச்சைத்தான் எடுத்தார், ஊரை எடுக்கவில்லை. தியேட்டருக்குப் பக்கத்தில் குடியிருந்து பழகிய கமல், ஆடம்பர ஓட்டலின் அமைதியில் தூக்கம் வராமல், பழைய இடத்துச் சத்தத்தை டேப்பில் பதிவு செய்து வந்து போட்டுக்கொண்டு தூங்குவார். ரயிலும் குக்கரும் இல்லாத ஜீவனஹள்ளி வீடியோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காட்சி நினைவுக்கு வரும். போகட்டும், அது ரசனை.

என் வழக்கு வேறு. பெட்டிக்குள் எது போக வேண்டும் என்பதை மைக் தீர்மானிக்க ஆரம்பித்துவிட்டது.

அவள் முன்பு ஜிமிக்கி அனுப்பிய விதம் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குமிழ்த் தாளில் சுற்றி, நெளி அட்டையில் இரண்டு பள்ளம் வெட்டி அதில் பதித்து, சின்னப் பெட்டியில் இறுக்கி அனுப்புவாள். பார்க்க அழகில்லை. குமிழ்த் தாள் மைக்கில் கீச்சென்று கத்தும். அட்டை வெட்டுவதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. முதலில் அவை வீடியோவிலிருந்து போயின. பிறகு, வீடியோவில் கட்டிய பெட்டியையே அனுப்புவது நேர்மை என்று நினைத்தாளோ என்னவோ, பெட்டியிலிருந்தும் போயின. அவற்றின் இடத்தில் இப்போது காக்கி நிறத் தாள்துருவல், ஒரு கூடை. விரலால் அளைந்தால் காய்ந்த வைக்கோல் போல அருமையாக ஒலிக்கும்.

தாள்துருவல் கொஞ்சமாகப் போட்டால் படத்தில் எடுபடாது, குவிந்திருக்க வேண்டும். அதற்குப் பெட்டி உயர வேண்டும். 20 செ.மீ. நீளம், 15 அகலம், 8 உயரம் இருந்த பெட்டி 10 உயரமானது. இரண்டே சென்டிமீட்டர். ஆனால் பெரும்பாலான கூரியர்கள் தராசு எடையோடு இடத்தையும் எடையாகக் கணக்கிடுகிறார்கள்: மூன்று அளவையும் பெருக்கி 5000ஆல் வகுத்து, எது அதிகமோ அதற்குக் காசு. பழைய பெட்டி 480 கிராம், அரைக் கிலோவுக்குள் அடங்கியது. புதியது 600 கிராம். அரைக் கிலோ படியைத் தாண்டி அடுத்த படிக்குப் போகிறது. உள்ளே இருக்கும் ஜிமிக்கி ஜோடி ஐம்பது கிராம்கூடத் தேறாது. கூரியர் செலவு வாங்குகிறவர் தலையில் ஏறுவது அந்தச் சரசரப்புக்காகத்தான்.

காசு கூடப் போகட்டும், பொருள் பத்திரமாகப் போகிறதா? தாள்துருவல் படப்பிடிப்பின்போது பஞ்சு மெத்தை. லாரியில் ஒரு ராத்திரி குலுங்கியபின் அடியில் அமுங்கிய சப்பை. மேலே வெற்றிடம் விழ, அதில் ஜிமிக்கி உருளும். பேக்கிங்கைச் சோதிக்க இஸ்டா என்ற அமைப்பின் அடிப்படை முறை ஒன்று உண்டு. சின்னப் பெட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய மேசை உயரத்திலிருந்து, பத்துமுறை போட வேண்டும்: ஒருமுறை ஒரு மூலையில், பிறகு மூன்று விளிம்புகளில், பிறகு ஆறு பக்கங்களிலும். வீட்டில் செய்ய அதைவிட எளிய வழி, மூடிய பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்குவது. உள்ளே ஏதாவது நகர்ந்தால் கட்டியது சரியில்லை. எங்கள் அம்மா கொலு பொம்மையை வைக்கோலில் புதைத்துப் பரணில் ஏற்றும் முன் செய்தது அதுதான். நூறு பேக்கிங் வீடியோ பார்த்திருப்பேன். ஒன்றில்கூட யாரும் பெட்டியைக் குலுக்கவில்லை.

மௌனம் பொய் சொல்லாது என்பவர்கள் வெட்டுகளை எண்ணிப் பார்க்கட்டும். அவளுடைய 34 வினாடி வீடியோவில் பதினொன்று எண்ணினேன். டேப் ஒட்டியதும் வெட்டு, தாள்துருவல் விழுந்ததும் வெட்டு, அட்டை வைத்ததும் முடிவு. பெட்டி மூடப்படுவதே கிடையாது, ஏனென்றால் அட்டைதான் கடைசிக் காட்சி. பெரிய விற்பனைத் தளங்களுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களும் பேக்கிங்கை வீடியோ எடுக்கிறார்கள். குழல் விளக்கில், மேலிருந்து, வெட்டே இல்லாமல், தராசும் பார்கோடும் தெரிய. எவரும் ரசிக்க மாட்டார்கள். நாளை சச்சரவு வந்தால் அதுதான் சாட்சி.

வாங்குகிறவரிடமிருந்து இதே மௌனக் கலைஞர்கள் கேட்பது என்ன? 'உடைந்திருந்தால், பெட்டியைத் திறக்கும் வீடியோ வெட்டு இல்லாமல் முழுதாக வேண்டும், இல்லையென்றால் பணம் திரும்பாது.' நன்றி அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். கேமராவுக்குக் காட்டுவது முன்பக்கத்தை மட்டும்: சாய்ந்த ஆங்கில எழுத்து, ஒரு சிவப்பு இதயம், மூன்று வினாடி. தனக்குப் பதினொரு வெட்டு, வாங்குகிறவருக்கு ஒன்றுகூடக் கிடையாது. கோபத்தில் கொஞ்சம் ஏற்றிச் சொல்கிறேன் என்று தெரிகிறது. எல்லா விற்பனையாளர்களும் இப்படியில்லை. ஆனால் அந்த அட்டையில் நன்றி எந்தப் பக்கம், நிபந்தனை எந்தப் பக்கம் என்று ஒருமுறை பார்த்துவிட்டால், அப்புறம் முன்பக்கத்தை அதே கண்ணோடு பார்க்க முடிவதில்லை.

சென்ற மாதம் அவளுக்கு ஒரு பெட்டி திரும்பி வந்தது. ஒரு ஜிமிக்கியின் குடை விளிம்பு போயிருந்தது. தாள்துருவலைத் தட்டில் கொட்டித் துண்டைத் தேடிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் சொன்னேன்: "அடுத்த வீடியோவில் அட்டையை எடுத்துவிடும்மா. பெட்டியை மூடி, காதுகிட்ட வைத்து அஞ்சு வினாடி குலுக்கிக் காட்டு. அது போதும்."

அவள் யோசித்துப் பார்த்தாள்.

"ஒழுங்கா கட்டியிருந்தா அதுல ஒண்ணும் கேக்காதே அங்கிள்," என்றாள்.