லண்டன் டாக்சி ஓட்டுநர்கள்: ஒரு தடவை எடுத்த ஸ்கேனில் 'மாற்றம்' தெரியுமா?

கோர்ஸ்வொர்க்குக்காக ஒரு இமேஜிங் ஆய்வை மதிப்பிடவேண்டியிருந்தது. எலினோர் மக்வயரும் சகாக்களும் 2000-இல் வெளியிட்ட லண்டன் டாக்சி ஓட்டுநர் ஆய்வை எடுத்துக்கொண்டேன். பயிற்சியால் மூளை மாறும் என்று யார் பேசினாலும் முதலில் காட்டுவது இதைத்தான்.

லைசென்ஸ் வாங்க லண்டன் தெருக்களை எல்லாம் மனப்பாடம் செய்யணும். ஆய்வில் இருந்தவர்களுக்கு அதற்குச் சராசரியாக இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அப்படித் தேறிய 16 ஆண்களின் எம்.ஆர்.ஐ. படங்களை, டாக்சி ஓட்டாத 50 ஆண்களின் படங்களோடு ஒப்பிட்டார்கள். ஓட்டுநர்களுக்கு ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெரிது. முன்பகுதி மற்றவர்களுக்குத்தான் பெரிது. மொத்த அளவில் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. 'டாக்சிக்காரர்களுக்கு ஹிப்போகாம்பஸ் பெரிது' என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

அளவீட்டில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. கம்ப்யூட்டர் முழு மூளையையும் ஒப்பிட்டது போக, எந்தப் படம் யாருடையது என்று தெரியாத ஒருவர் கையாலும் அளந்திருக்கிறார். இரண்டும் ஒத்துப்போகின்றன.

சிக்கல் முடிவில்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்கேன்தான். பின்பகுதி முதலிலேயே பெரிதாக இருந்தவர்கள்தான் பரீட்சையில் தேறினார்களோ என்று கேட்டால், இந்த டிசைனால் பதில் சொல்ல முடியாது. தேறாதவர்கள் ஆய்விலேயே இல்லையே!

ஆசிரியர்களுக்கும் இந்தச் சந்தேகம் தெரியும். அதனால்தான், அதிக வருஷம் ஓட்டியவர்களுக்கு வலது ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெரிதாக இருப்பதை ஆதாரமாக வைக்கிறார்கள். ஒட்டுறவுக் கெழு 0.6. கேட்க வலுவாகத்தான் இருக்கு. ஆனால் ஆட்கள் 16 பேர். ஃபிஷர் முறையில் 95% நம்பக இடைவெளியை நானே போட்டுப் பார்த்தேன்:

```
z = atanh(0.6) = 0.693
SE = 1/sqrt(16-3) = 0.277
0.693 ± 1.96*0.277 → 0.150, 1.236
tanh → 0.15, 0.84
```

அதாவது உண்மையான தொடர்பு மிக லேசானதாகவும் இருக்கலாம், மிக நெருக்கமானதாகவும் இருக்கலாம். பூஜ்ஜியம் இல்லை என்பதற்கு மேல் இதிலிருந்து எதுவும் கிடைக்காது. தொடர்பு உண்மையே என்றாலும், வழி நன்றாகப் பிடிபடுகிறவர்கள் தொழிலில் நீடிக்க, மற்றவர்கள் சில வருஷத்தில் விட்டுப் போயிருந்தால் இதே கோடுதான் கிடைக்கும்.

மூளையின் அமைப்பு மாறக்கூடியது போலத் தெரிகிறது என்று அடக்கமாகத்தான் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் 'போல' செய்திகளில் காணாமல் போச்சு.

இந்தக் கேள்விக்குத் தேவையான டிசைன் கொண்ட ஆய்வை மக்வயரே வுல்லட்டுடன் சேர்ந்து 2011-இல் வெளியிட்டார். 79 பேரைப் படிக்கத் தொடங்கும்போது ஒருமுறை, சில வருஷம் கழித்து அவர்களில் திரும்பி வந்தவர்களை மறுமுறை ஸ்கேன் செய்தார்கள். தொடக்கத்தில் வித்தியாசம் இல்லை. தேறிய 39 பேருக்கு மட்டும் பின்பகுதி வளர்ந்திருந்தது. இது எவ்வளவோ பலமான ஆதாரம். ஆனாலும் தேறாதவர்களில் மறுபடி ஸ்கேனுக்கு வந்தது 20 பேர்தான், அவர்கள் வாரத்துக்குப் படித்த நேரமும் குறைவு. ஆக, வளர்ச்சி தேறியதாலா, அதிகம் படித்ததாலா என்பதை இதிலும் பிரிக்க முடியவில்லை.