முடவாட்டுக்கால் கிழங்கின் விளம்பர வாசகம்: மெய்யும் மிகையும்

சேலம் மாவட்டத்தின் தம்மம்பட்டி, மேற்கே கொல்லிமலையும் கிழக்கே பச்சைமலையும் சூழ்ந்த சமவெளியில் அமைந்த ஊராகும். இத்தகைய அடிவார ஊர்களுக்கு மலையிலிருந்து இறங்கும் மிளகு, தேன், சாமை முதலியவற்றை விற்பதற்கு நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை; ஆனால் கொல்லிமலையின் முடவாட்டுக்கால் கிழங்கு, மூட்டுவலி என்னும் சொல் இல்லாமல் விற்கப்படுவது அரிது. ஆகாயகங்கை அருவிக்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் வருவோர் பருகும் சூப்பாக அறிமுகமாகி, இப்போது பொடியாகவும் உலர்ந்த துண்டாகவும் பொட்டலத்தில் அடைக்கப்பட்டுக் கைப்பேசி வழியாக விற்பனைக்கு வரும் இப்பொருளைப் பற்றி மிகையின்றி எழுதுவது எவ்வாறு, அவ்வாறு எழுதும் முறை எங்கே வலுவாக நிற்கிறது, எங்கே தளர்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பொருளைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவற்றைத் தொகுத்துக்கொள்வது நல்லது. கிழங்கு என்று வழங்கப்பட்டாலும் இது மண்ணுக்குள் விளையும் கிழங்கன்று. பாறைகளிலும் மரங்களிலும் பற்றிப் படரும் பெரணி வகைச் செடி ஒன்றின் தடித்த தண்டு, அதாவது மட்டநிலத் தண்டு ஆகும். தாவரவியலார் இச்செடியை டிரைனேரியா குவெர்சிஃபோலியா என்பர். தண்டின் மேல் பழுப்பு நிற மயிர் போன்ற செதில்கள் அடர்ந்திருப்பதால் பார்ப்பதற்கு ஆட்டுக்கால் போலத் தோன்றும். அவற்றைச் சுரண்டித் தோலைச் சீவிய பின் மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்து இடித்துக் கொதிக்கவைத்தால் ஆட்டுக்கால் சூப்பை நினைவூட்டும் சுவையும் கிடைக்கும். ஆய்வகத்தில், எலிகளின் பாதத்தில் செயற்கையாக வீக்கத்தை உண்டாக்கி, இத்தண்டின் சாறு அவ்வீக்கத்தைக் குறைக்கிறதா என்று சோதித்த ஆய்வுகள் உள்ளன. அவற்றில் குறைத்ததாகவே முடிவுகள் வந்துள்ளன. ஆயினும் எலிக்குக் கொடுக்கப்படுவது கரைப்பான் கொண்டு பிரித்தெடுத்த செறிந்த சாறு, மனிதர் பருகுவது ஒரு கிண்ணம் சூப்பு என்னும் வேறுபாட்டை அம்முடிவுகளைக் காட்டி விற்பவர்கள் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. சீன மருத்துவத்தில் எலும்பு முறிவுக்குப் பயன்படும் டிரைனேரியா ஃபார்ச்சுனை என்னும் வேறோர் இனத்தைப் பற்றிய ஆய்வுகளும், பேரினப் பெயர் ஒன்றாக இருப்பதால், கொல்லிமலைச் செடியின் கணக்கில் வரவு வைக்கப்படுவது உண்டு.

இப்பொருளை விளம்பரப்படுத்தும் வாசகங்களின் பொது வார்ப்பைப் பின்வருமாறு கொள்ளலாம்: கொல்லிமலையின் அதிசய மூலிகை, மூட்டுவலி, முடக்குவாதம் அனைத்தையும் வேரோடு அகற்றும், சித்தர்கள் கண்ட 4448 நோய்களுக்கும் மருந்து, பக்கவிளைவே இல்லாதது, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ அங்கீகாரம் பெற்றது. இவ்வாசகத்தில் உண்மையோடு ஒட்டியிருப்பது மலையின் பெயர் மட்டுமே. 4448 என்பது சித்த மருத்துவ மரபு நோய்களுக்குத் தரும் தொகை. அத்தனைக்கும் ஒரே செடி மருந்து என்று அம்மரபு சொல்லவில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண், தயாரிப்பாளர் உணவுத் தொழிலுக்கு உரிமம் பெற்றவர் அல்லது பதிவு செய்துகொண்டவர் என்பதைக் காட்டுமேயன்றி, பொட்டலத்தில் உள்ளது மூட்டுவலியைக் குறைக்கும் என்பதற்குச் சான்றாகாது. பக்கவிளைவு இல்லை என்பதோ எவராலும் நிறுவ முடியாத எதிர்மறைக் கூற்று; தீங்கு எதுவும் பதிவாகவில்லை என்பதற்கும் தீங்கு இல்லை என்பதற்கும் இடையே, எவரும் முறையாகத் தேடிப் பார்க்கவில்லை என்னும் பெரிய இடைவெளி கிடக்கிறது.

சட்டம் இவ்வகைக் கூற்றை நெடுங்காலமாகவே தடுத்து வருகிறது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், தன் அட்டவணையில் உள்ள நோய்களைக் குணப்படுத்துவதாகவோ தடுப்பதாகவோ எந்த மருந்தையும் பொதுமக்களிடம் விளம்பரப்படுத்தக் கூடாது என்கிறது. அந்த அட்டவணையில் நீரிழிவு, புற்றுநோய், பக்கவாதம் ஆகியவற்றோடு வாதநோயும் இடம்பெற்றுள்ளது. அச்சட்டத்தில் மருந்து என்பதற்குத் தரப்பட்டுள்ள விளக்கம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது: நோயைப் போக்கும் நோக்கில் பயன்படுத்தப்படும் எப்பொருளும் அதில் அடங்கும். எனவே அடுப்படியில் சூப்புக்குரிய பொருளாக இருக்கும் அதே பொடி, பொட்டலத்தின் மேல் எழுதப்படும் ஒரே வாக்கியத்தால் சட்டத்தின் கண்ணில் மருந்தாக மாறிவிடக்கூடும். உணவாகவே விற்றாலும், 2018இல் வந்த உணவு விளம்பர, கூற்று ஒழுங்குமுறைகள் நோயைத் தடுக்கும், தணிக்கும், குணப்படுத்தும் என்னும் கூற்றுகளை, தனியே அனுமதிக்கப்பட்ட சிலவற்றைத் தவிர, விலக்கியுள்ளன. தவறான விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

சட்டத்துக்கு அஞ்சி எழுதுவது வேறு, நேர்மையாக எழுதுவது வேறு. முன்னதற்கு எளிய வழி, குணப்படுத்தும் என்பதை உதவக்கூடும் என்று மாற்றுவதாகும். வினைச்சொல் மெலிந்தாலும் வாங்குபவர் மனத்தில் பதியும் செய்தி மாறுவதில்லை, அருகில் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருக்கும் முதியவரின் படம் இருந்துவிட்டால் சொல்லே தேவையில்லை. பின்னதற்கு வேண்டியது, ஒவ்வொரு வாக்கியத்தையும் அது எவ்வாறு தெரிய வந்தது என்னும் கேள்விக்கு உட்படுத்துவது. அப்போது வாக்கியங்கள் மூன்றாகப் பிரிகின்றன. எந்தச் செடி, எங்கே எடுக்கப்பட்டது, பொடியில் கிழங்கு எவ்வளவு, மிளகும் சீரகமும் எவ்வளவு என்பன விற்பவரே சரிபார்த்துச் சொல்லக்கூடியவை. யார் எதற்காக உண்டு வந்தனர் என்பது கேட்டறிந்து சொல்லக்கூடியது. உண்டவர் உடலில் என்ன நிகழும் என்பது, கட்டுப்பாட்டுக் குழுவோடு நடத்தப்படும் மனிதச் சோதனையின்றி எவராலும் சொல்ல முடியாதது. அச்சோதனையாவது, ஒத்த நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒன்றுக்குப் பொருளையும் மற்றதற்கு அதுபோன்ற வெற்றுப் பொருளையும் கொடுத்து ஒப்பிடுவது.

இம்முறையின் தலையாய வலிமை, விற்பவரைத் தம் பொருளை அறியும்படி அது கட்டாயப்படுத்துவதே எனலாம். மருந்து என்று எழுதுபவருக்குக் கிழங்கின் விழுக்காடு தேவையில்லை. உள்ளதை மட்டுமே எழுத முற்படுபவர் எடை போட்டாக வேண்டும், உலர்த்திய நாளைக் குறித்தாக வேண்டும், பொடியை வாங்கி விற்பவராயின் அதில் இருப்பது அச்செடிதானா என்று உறுதி செய்தாக வேண்டும். இக்கடைசிச் சரிபார்ப்பு பெரிதும் இன்றியமையாதது. மூட்டுவலிக்கென விற்கப்படும் பெயரற்ற மூலிகைப் பொடிகளில் ஸ்டீராய்டு, வலிநிவாரணி ஆகிய அலோபதி மருந்துகள் கலந்திருப்பது இந்தியாவிலும் பிற நாடுகளிலும் ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது. உண்ட ஓரிரு நாளில் வலி முற்றிலும் பறந்துவிட்டது, நிறுத்தியதும் முன்னிலும் கடுமையாகத் திரும்பியது, முகம் உப்பியது என்னும் செய்திகள் வருமானால் அவற்றை மூலிகையின் ஆற்றலாக அன்றிக் கலப்படத்தின் அறிகுறியாகவே ஐயுற வேண்டும். விரைந்த பலனை விளம்பரமாக்கும் எழுத்தில் இதே அறிகுறிகள் வெற்றிக் கதைகளாகிவிடுகின்றன.

வாங்கியவர்களின் சான்றுரைகளை நேர்மையான எழுத்து ஏன் தவிர்க்க வேண்டும் என்பதும் இங்கே விளங்கும். சான்றுரைப்பவர் பொய் சொல்கிறார் என்பதன்று பொருள். தேய்மானத்தால் வரும் முழங்கால் வலி ஏறியும் இறங்கியும் வருவது. வலி உச்சத்தில் இருக்கும்போதே மனிதர் புதிய பொருளைத் தேடுவர். எனவே எதை உண்டாலும் அடுத்த சில வாரங்களில் வலி ஓரளவு இறங்குவதற்கே வாய்ப்பு மிகுதி. 2006இல் தமிழ்நாட்டைச் சிக்குன்குனியா ஆட்டிப்படைத்தபோது, மாதக்கணக்கில் நீண்ட மூட்டுவலி பலருக்குத் தானாகவே தணிந்தது. தணிந்த வேளையில் அவரவர் கையில் இருந்த கஷாயத்துக்குப் பெயர் போயிற்று. மறுபுறம், முடக்குவாதம் எனப்படும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் நோயில் தொடக்க மாதங்களே மூட்டைக் காப்பதற்கு உரிய காலம். அக்காலத்தைச் சூப்பில் கழித்தவரின் கோணிப்போன விரல்கள் எந்தச் சான்றுரையிலும் இடம்பெறுவதில்லை.

இனி இம்முறையின் குறைகளுக்கு வரலாம். அவற்றுள் முதன்மையானது, பாரம்பரியமாகப் பயன்படுத்தப்படுவது என்னும் தொடர். அது பெரும்பாலும் உண்மை. ஆகவே நேர்மையானவரும் எழுதுவார், ஏய்ப்பவரும் எழுதுவார், படிப்பவர் இருவரிடமிருந்தும் ஒரே வாக்குறுதியைப் பெற்றுக்கொள்வார். 2018 ஒழுங்குமுறைகள் உணவுப் பொருளைப் பாரம்பரியமானது என்று சொல்வதற்கு, அதன் செய்முறை தலைமுறைகளாகப் பெரிதும் மாறாமல் வந்திருக்க வேண்டும் என்கின்றன. மலைவாழ் மக்கள் பச்சைத் தண்டை இடித்துக் காய்ச்சும் சூப்புக்கு இச்சொல் பொருந்தும். வெயிலில் உலர்த்தி இயந்திரத்தில் அரைத்துச் சோளமாவு சேர்த்த உடனடிப் பொடிக்கும் அது பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. மரபைச் சான்றாகக் காட்டுவோர் மரபின் அளவையும் முறையையும் சேர்த்தே காட்ட வேண்டும் என்று கோருவது மிகையாகாது.

எண்ணால் நிறுவக்கூடிய கூற்றுகூட ஏமாற்ற வல்லது. 100 கிராம் திட உணவில் 6 கிராம் நார்ச்சத்து இருந்தால் நார்ச்சத்து மிகுந்தது என்று எழுத விதி இடம் தருகிறது. ஒரு சூப்புப் பொடி அவ்வளவை எட்டுவதாகவே கொண்டாலும், ஒரு கிண்ணத்துக்குப் பயன்படுவது 10 கிராம் பொடி என்றால் பருகுபவருக்குக் கிடைப்பது 0.6 கிராம் மட்டுமே. விதியை மீறாத இவ்வாசகத்தை நேர்மையானதாக ஆக்குவது, ஒரு கிண்ணத்துக்கான அளவையும் அதே வரியில் எழுதும் ஒரு சிறு சேர்க்கைதான். எந்த அதிகாரியும் அதைக் கேட்கப் போவதில்லை என்பதாலேயே அது எழுதுபவரின் மனப்பாங்கைக் காட்டிக்கொடுக்கும். இது மருத்துவ ஆலோசனைக்கு மாற்றன்று என்னும் அடிக்குறிப்பைப் பற்றியும் இவ்வாறே சொல்லலாம்: மேலே நோயை நீக்குவதாகச் சொல்லிவிட்டுக் கீழே சிறிய எழுத்தில் அதை மறுப்பது எவரையும் காப்பதில்லை, எழுதியவரைத் தவிர.

சட்டத்தின் பக்கமும் ஒரு குறை உண்டு. 1954ஆம் ஆண்டுச் சட்டம் அட்டவணை நோயைப் பற்றிய விளம்பரத்தை, அது பொய்யா மெய்யா என்று பாராமலே தடுக்கிறது. நாளை முறையான சோதனையில் இக்கிழங்கு மூட்டு வீக்கத்தைச் சிறிது குறைப்பதாகத் தெரிந்தாலும் அதைப் பொட்டலத்தில் எழுத வழியில்லை. சோதனைக்குச் செலவிட எவருக்கும் ஊக்கம் இல்லாமற்போவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். மலைமக்களின் பட்டறிவு இதனால் மெய்ப்பிக்கப்படவும் இல்லை, மறுக்கப்படவும் இல்லை. விற்பவர் வாயிலும் வாங்குபவர் நம்பிக்கையிலும் அது மிதந்துகொண்டே இருக்கிறது.

மேற்கண்டவற்றையெல்லாம் கருத்தில் கொண்டு எழுதினால் வாசகம் ஏறத்தாழ இவ்வாறு அமையும்: கொல்லிமலைப் பாறைகளில் வளரும் முடவாட்டுக்கால் பெரணியின் உலர்ந்த தண்டுப் பொடி, மிளகு சீரகத்துடன், கிழங்கு இத்தனை விழுக்காடு, ஒரு கிண்ணத்துக்கு 10 கிராம், ஆட்டுக்கால் சூப்பின் சுவையில் சைவச் சூப்பு, மலைமக்கள் பச்சைக் கிழங்கில் செய்யும் முறையிலிருந்து இது உலர்த்திய நிலையில் வேறுபடுகிறது. நோயின் பெயர் இதில் இல்லை. ஆனால் பொட்டலத்தின் மேல் இன்னொரு வாசகமும் அச்சாகியிருக்கிறது; அது விலை. சாதாரண சூப்புப் பொடியைவிடப் பல மடங்கு விலை குறிக்கப்பட்டிருந்தால், எழுதாமல் விட்ட மூட்டுவலியை அந்த எண்ணே வாங்குபவருக்குச் சொல்லிவிடும். அரிய தண்டைப் பாறையிலிருந்து பெயர்த்தெடுக்கும் கூலியும் சுமந்து இறக்கும் செலவும் அவ்விலையில் எவ்வளவு, நோய் தீரும் என்னும் எதிர்பார்ப்பு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும்படி எந்த ஒழுங்குமுறையும் கேட்பதில்லை.